எட்டு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரம்: நீண்ட தூக்க இசை வீடியோவுக்குத் தலைப்பும் விளக்கமும் எழுதுவது எப்படி

தூங்குவதற்கும் படிப்பதற்கும் இசை தேடுகிறவர் பெரும்பாலும் நேரத்தைச் சேர்த்தே தேடுகிறார். இரவு பத்தரைக்குப் போட்டால் காலை ஆறரை வரை ஓட வேண்டும். அதற்காகத்தான் ‘8 மணி நேரம்’ என்று தட்டுகிறார். அந்த எண் தவறாக இருந்தால் அது அவருக்கு உடனே தெரியாது. அதிகாலை ஐந்தரைக்கு மழைச் சத்தம் சட்டென்று நின்று, அறை அமைதியாகி, விழிப்பு வரும்போது தெரியும். இசை நன்றாக இருந்தாலும் அந்தச் சேனலை அவர் மறுபடி திறக்க மாட்டார்.

நேரம் தவறாகப் போகும் வீடியோக்கள் எல்லாமே ஏமாற்றுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. தலைப்பை முதலில் எழுதிவிட்டு, கோப்பை அதற்குள் அடைக்கப் பார்ப்பதுதான் அடிக்கடி நடப்பது. வரிசையைத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதலில் கோப்பை அளந்து, பிறகு கேட்பவர் காதில் எது எவ்வளவு நேரம் விழுகிறது என்று கணக்கெடுத்து, கடைசியாகத் தலைப்பு எழுத வேண்டும்.

இங்கே ஓர் எடுத்துக்காட்டை முழுக்கப் பின்தொடர்வோம். மழை ஒலியும் தம்புராவும் தொடர்ந்து ஓடும் ஓர் இசைத் துண்டு. அதன் நீளம் 52 நிமிடம் 30 வினாடி. நடுவில் 18:40 முதல் 36:10 வரை நீலாம்பரி ராகத்தில் ஒரு புல்லாங்குழல் மெல்ல வந்து போகிறது. இதைத் திரும்பத் திரும்ப இணைத்து எட்டு மணி நேர யூடியூப் வீடியோ ஆக்க வேண்டும்.

முதலில் பெருக்கல் கணக்கைத் திருத்துங்கள்

ஒரு துண்டை அடுத்த துண்டோடு ஒட்டும்போது வெட்டு காதில் விழாமலிருக்க, முந்தையதன் வாலும் அடுத்ததன் தலையும் சில வினாடிகள் ஒன்றின் மேல் ஒன்று ஓடும்படி வைப்போம். இந்த கிராஸ்ஃபேட் நேரத்தைக் கழிக்க மறப்பதுதான் பொதுவான தவறு. அரை மணி நேரத் துண்டு ஒன்றைப் பதினாறு முறை போட்டால் காகிதத்தில் சரியாக எட்டு மணி வரும். ஆனால் ஒவ்வோர் இணைப்பிலும் 30 வினாடி கிராஸ்ஃபேட் இருந்தால், பதினைந்து இணைப்புக்கு ஏழரை நிமிடம் போய்விடும். வீடியோ 7:52:30-இல் முடியும். தலைப்பில் ‘8 மணி நேரம்’ என்றும், படத்தின் வலது கீழ் மூலையில் யூடியூபே போடும் நேரத்தில் 7:52:30 என்றும் இருந்தால், எது பொய் என்பதைப் பார்வையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நம் எடுத்துக்காட்டில் துண்டு 52:30, கிராஸ்ஃபேட் 30 வினாடி. ஆகவே ஒவ்வொரு சுற்றும் முந்தையது தொடங்கி 52 நிமிடம் கழித்துத் தொடங்குகிறது. ஒன்பது சுற்று முடியும்போது 7:48:30. எட்டு மணிக்குப் போதாது. பத்தாவது சுற்று 7:48:00-இல் தொடங்கும். அதை முழுதாக ஓடவிட்டால் 8:40:30 வரை போகும், அதுவும் வேண்டாம். 8:00:00 வரை முழு ஒலியில் ஓடவிட்டு, அதன்பின் இரண்டு நிமிடத்தில் மெதுவாக ஒலியைத் தாழ்த்தி 8:02:00-இல் முடித்தால் போதும்.

அந்த இரண்டு நிமிடம் வீண் அல்ல. ஒலி தாழும் பகுதியை எட்டு மணிக்குள் அடக்கினால், சொன்ன நேரத்துக்கு முன்பே இசை மங்கத் தொடங்கிவிடும். இன்னொரு சிறு காரணமும் உண்டு. சரியாக 8:00:00-க்கு வெட்டிய கோப்பு, பதிவேறிய பின் 7:59:59 என்று தெரிவது புதிதல்ல. ஒரு வினாடிதான், ஆனால் பார்க்க அசிங்கமாக இருக்கும். கூடுதலாகக் கொடுத்துக் குறைவாகச் சொல்வது இந்த வேலையில் நல்ல பழக்கம். 8:02-ஐ எட்டு என்று சொல்லலாம். 7:52-ஐ எட்டு என்று சொல்லக் கூடாது. எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்குங்கள்.

நீளத்தைத் திட்டமிடும்போதே மேல்வரம்பையும் நினைவில் வையுங்கள். யூடியூபில் சரிபார்க்கப்படாத கணக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சரிபார்த்த கணக்குக்கு 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி, எது குறைவோ அது.

ஏற்றுமதி செய்த கோப்பை அளங்கள், டைம்லைனை அல்ல

எடிட்டரின் டைம்லைன் 8:02:00 காட்டுவதால் கோப்பும் அப்படியே இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நீண்ட இசையில் ஒரு குறிப்பிட்ட பொறி இருக்கிறது. சாதாரண வேவ் கோப்பு தன் அளவை 32 பிட் எண்ணில் எழுதுவதால் ஏறக்குறைய 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 2,88,000 பைட். அந்த வேகத்தில் 4 மணி 8 நிமிடம் தாண்டியதும் வரம்பு நிரம்பிவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்றாலும் 6 மணி 45 நிமிடம்தான். சில மென்பொருள்கள் எச்சரிக்கும். சில பேசாமல் எழுதி முடிக்கும். அப்படி எழுதிய கோப்பை வேறொரு மென்பொருள் திறக்கும்போது பாதி மட்டுமே தெரியும். படம் எட்டு மணி நேரம் ஓட, ஒலி நான்கு மணியோடு நின்றுபோகும் வீடியோ இப்படித்தான் பிறக்கிறது. இசையை ஃபிளாக் வடிவத்திலோ ஆர்எஃப்64 வடிவத்திலோ எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே படத்தின் நீளத்தையும் ஒலியின் நீளத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் ஒரே கட்டளை போதும்:

```
ffprobe -v error -sexagesimal -show_entries stream=codec_type,duration -of csv=p=0 mazhai.mp4
```

video என்ற வரியிலும் audio என்ற வரியிலும் ஏறக்குறைய ஒரே நேரம் வர வேண்டும். ஒரு வினாடிக்குள் வேறுபாடு இருந்தால் கவலை இல்லை. நிமிடக் கணக்கில் இருந்தால் ஏற்றாதீர்கள். இரண்டும் பொருந்திய பிறகும் நடுவில் மௌனம் ஒளிந்திருக்கலாம். இணைப்பில் ஒரு துண்டு நகர்ந்து இடைவெளி விட்டிருக்கலாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்க முடியாது என்பதால் இதையும் கணினியிடம் விடுங்கள்:

```
ffmpeg -i mazhai.mp4 -vn -af silencedetect=noise=-50dB:d=5 -f null -
```

ஐந்து வினாடிக்கு மேல் மௌனம் இருக்கும் இடங்களை இது நேரத்தோடு பட்டியலிடும். மழைச் சத்தம் இடைவிடாமல் ஓடும் வீடியோவில் கடைசி ஒலித்தாழ்வு தவிர வேறெதுவும் வரக் கூடாது. மிக மெல்லிய இசையாக இருந்தால் அதையே மௌனம் என்று காட்டலாம். அப்போது -50 என்பதை -60 ஆக்கிப் பாருங்கள்.

அந்த எண் எதன் நீளம்?

பலர் கவனிக்காத இடம் இது. கோப்பின் நீளம் சரியாக இருந்தும் தலைப்பு தவறாகலாம். ‘8 மணி நேர நீலாம்பரி புல்லாங்குழல்’ என்று நம் வீடியோவுக்குத் தலைப்பு வைத்தால் எண் சரி, சொல் தவறு. புல்லாங்குழல் ஒரு சுற்றில் பதினேழரை நிமிடம்தான் வருகிறது. ஒன்பது முழுச் சுற்றுக்கு 2 மணி 37 நிமிடம் 30 வினாடி. பத்தாவது சுற்று, குழல் நுழையும் 18:40-ஐ எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எட்டு மணி நேரமும் ஓடுவது மழையும் தம்புராவும்தான். தமிழில் ‘8 மணி நேர’ என்ற அடைமொழி அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். எனவே அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ, அது முழு நேரமும் கேட்க வேண்டும்.

படிப்பதற்கான வீடியோவில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வரும். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று மணியடித்துப் பிரிக்கும் பொமொடோரோ வீடியோவில் ஆறு சுற்று போட்டால் மூன்று மணி நேரம். ஆனால் படிப்பு நேரம் இரண்டரை மணிதான். ‘3 மணி நேரம் (25/5 × 6)’ என்று எழுதினால் பார்ப்பவரே கணக்குப் போட்டுக்கொள்வார். ‘3 மணி நேரத் தொடர் படிப்பு இசை’ என்று எழுதினால் முதல் மணி அடிக்கும்போதே எரிச்சல் வரும்.

அடுத்தது சுற்று. 52 நிமிட இசையைப் பத்து முறை போடுவதில் தவறில்லை. தூங்குகிறவருக்குப் பழகிய ஒலி திரும்ப வருவது இடைஞ்சலும் அல்ல. ஆனால் படிக்கிறவருக்கு அது முக்கியம். ஒரே குழல் வரி மூன்றாவது முறை வரும்போது காது அதைப் பிடித்துக்கொள்ளும், கவனம் சிதறும். ஆகவே சுற்றின் நீளத்தையும் சொல்லிவிடுங்கள். ‘8 மணி நேரப் புதிய இசை’ என்று பொருள்படும் எதையும் எழுத வேண்டாம்.

தலைப்பு எழுதுதல்

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்துக்குறி வரை இடம் தருகிறது. தமிழில் எழுதும்போது அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீரும். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படுவதே காரணம். ‘புல்லாங்குழல்’ கண்ணுக்கு ஏழு எழுத்து, கணக்கில் பதின்மூன்று. கோண அடைப்புக்குறிகளைத் தலைப்பில் போட முடியாது.

நூறு வரை இடம் இருந்தாலும் செல்பேசியில் தேடல் பட்டியலில் இரண்டு வரிக்குமேல் வெட்டுப்படும். ஆகவே ஒலியும் நேரமும் தொடக்கத்திலேயே வர வேண்டும்; பயனும் சுற்றும் பின்னால் வரலாம். நம் வீடியோவுக்கு:

```
8 மணி நேர மழை, தம்புரா, இடையிடையே புல்லாங்குழல் | தூக்கத்துக்கு | 52 நிமிடச் சுற்று
```

இது 83 குறி. வெட்டுப்பட்டாலும் ‘8 மணி நேர மழை, தம்புரா’ மிஞ்சும், அது மட்டும் தனியே நின்றாலும் உண்மை. தலைப்பைச் சோதிக்க எளிய வழி இதுதான்: எந்த இடத்தில் வெட்டினாலும் மீதி பொய்யாகக் கூடாது. ‘10 மணி நேரம் வரை கேட்கலாம்’ என்று எழுதியதில் கடைசி இரண்டு சொல் வெட்டுப்பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

படத்தின் மூலையிலேயே நேரம் தெரிகிறதே, தலைப்பில் எதற்கு என்று கேட்கலாம். அந்த மூலை எண் யூடியூபுக்குள்தான் இருக்கும். இணைப்பை வேறு செயலியில் பகிரும்போது தலைப்புதான் போகும். தேடுகிறவர் தட்டும் சொல்லும் தலைப்பிலுள்ள சொல்லோடுதான் பொருந்த வேண்டும். அதே காரணத்தால் தம்ப்னெயில் படத்தின் மேல் பெரிதாக ‘8 HRS’ எழுதும் வழக்கமும் வந்தது. எழுதலாம், ஆனால் அது தலைப்போடு ஒத்துப்போக வேண்டும். பழைய பத்து மணி வீடியோவின் படத்தை நகலெடுத்து, நிறத்தை மட்டும் மாற்றி, எண்ணை மாற்ற மறந்துபோவது வாரத்துக்கு ஒன்று ஏற்றுகிறவர்களுக்கு வழக்கமான விபத்து.

‘5 நிமிடத்தில் தூக்கம்’ என்பதும் நேரத்தைப் பற்றிய வாக்குதான், அதை உங்களால் நிறைவேற்ற முடியாது. நீலாம்பரி தாலாட்டோடு சேர்த்து நினைக்கப்படும் ராகம் என்று சொல்லலாம். அது இத்தனை நிமிடத்தில் உறங்க வைக்கும் என்று சொல்ல வேண்டாம்.

விளக்கம்: முதல் இரண்டு வரி முழு வேலையையும் செய்ய வேண்டும்

விளக்கத்தை விரித்துப் படிக்கிறவர் குறைவு. அரைத்தூக்கத்தில் இருப்பவர் நிச்சயம் படிக்க மாட்டார். விரிக்காமலே தெரியும் முதல் வரிகளில் நன்றி, வரவேற்பு, சந்தா கேட்பது எதுவும் வேண்டாம். நேரம், சுற்று, திரை, முடிவு ஆகிய நான்கையும் அங்கே சொல்லிவிடுங்கள்.

திரை ஏன்? இருட்டறையில் ஒளிரும் படம் தூங்குகிறவருக்குத் தொல்லை. பத்தாவது நிமிடத்தில் திரை கறுப்பாகும் என்றால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீடியோ நின்றுவிட்டது என்று நினைத்துச் சிலர் கைபேசியை எடுத்துத் தட்டுவார்கள். முடிவு ஏன்? எட்டு மணிக்குப் பின் ஒலி மெல்லத் தாழ்கிறதா, சட்டென நிற்கிறதா, காலையில் மணி அடிக்கிறதா என்பது தூங்கப்போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது.

நம் வீடியோவின் விளக்கம் இப்படி அமையும்:

```
மழையும் தம்புராவும் 8 மணி நேரம் இடைவிடாமல். 52 நிமிட இசை திரும்பத் திரும்ப வருகிறது.
10-ஆம் நிமிடத்திலிருந்து திரை கறுப்பு. 8:00:00-க்குப் பின் 2 நிமிடத்தில் ஒலி தாழ்ந்து முடியும்.

ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 17 நிமிடம் நீலாம்பரியில் புல்லாங்குழல். சுருதி: 4 கட்டை.
பேச்சு, அறிமுகம், அலார ஒலி எதுவும் இல்லை.
இடையில் விளம்பர இடங்கள் வைக்கவில்லை.

0:00 சுற்று 1: மழையும் தம்புராவும்
18:40 புல்லாங்குழல் சேர்கிறது
36:10 மறுபடி மழையும் தம்புராவும்
52:00 சுற்று 2 (அதே இசை)
1:44:00 சுற்று 3
2:36:00 சுற்று 4
3:28:00 சுற்று 5
4:20:00 சுற்று 6
5:12:00 சுற்று 7
6:04:00 சுற்று 8
6:56:00 சுற்று 9
7:48:00 கடைசிச் சுற்று (பகுதி)
8:00:00 ஒலி தாழ்கிறது
```

விளம்பர வரியைக் கவனித்துப் பாருங்கள். ‘விளம்பரம் இல்லை’ என்று எழுதவில்லை. எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில் நடுவே விளம்பரம் வைக்கலாம். நீங்கள் அதை அணைத்து வைத்திருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் வரும் விளம்பரம் எப்போதும் உங்கள் கையில் இல்லை. வருமானத் திட்டத்தில் சேராத சேனல்களிலும் யூடியூப் விளம்பரம் போடலாம் என்று அதன் விதிமுறை சொல்கிறது. இசைக்கு வேறொருவர் உரிமை கோரினால் அவர் சார்பிலும் விளம்பரம் ஓடலாம். எனவே நீங்கள் செய்ததை மட்டும் சொல்லுங்கள்.

நேரக்குறிகள் யூடியூபில் அத்தியாயங்களாக மாற மூன்று நிபந்தனை: முதல் குறி 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று குறி ஏறுவரிசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. அத்தியாயங்கள் தெரியவில்லை என்றால் முதல் வரியில் 0:00 விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு எட்டுக் கற்பனைப் பெயர் சூட்டி, ‘நள்ளிரவுக் காடு’, ‘அதிகாலைப் பனி’ என்று ஒரே துண்டை எட்டு இசைபோலக் காட்டும் பழக்கம் இருக்கிறது. அதுவும் நீளத்தைப் பற்றிய பொய்தான். ‘அதே இசை’ என்று எழுதுவதால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள். குழல் வேண்டாதவர் அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல முடிவதால் நன்றிதான் சொல்வார்.

விளக்கத்தின் மொத்த வரம்பு 5,000 எழுத்துக்குறி. இணையப் பக்கத்தில் ஏற்றுகிறவர்கள் அதை எட்டுவது அரிது. ஏபிஐ வழியாகத் தானாக ஏற்றுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே வரம்பு பைட்டில் சொல்லப்பட்டிருக்கிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் என்பதால், சுமார் 1,660 குறியோடு இடம் தீர்ந்துவிடும்.

ஏற்றிய பிறகு நீளம் மாறினால்

பதிவேறியதும் முதலில் வீடியோ பக்கத்தில் தெரியும் நேரத்தைத் தலைப்போடு ஒப்பிடுங்கள். பிறகு 4:09:00 அருகிலும் 7:59:00-இலும் சொடுக்கி, ஒலி வருகிறதா என்று காதால் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

இதற்குப் பிறகும் நீளம் மாற ஒரு வழி இருக்கிறது. மழை ஒலியையோ குழலையோ வேறெங்கிருந்தோ எடுத்திருந்து, உரிமைக் கோரல் வந்தால், அந்தப் பகுதியை வெட்டிவிடவோ ஒலியை அணைக்கவோ யூடியூபே வழி கொடுக்கும். வெட்டினால் வீடியோ குறுகும். அதற்குப் பின்னுள்ள நேரக்குறிகள் எல்லாம் நகர்ந்துவிடும். அணைத்தால் நீளம் அப்படியே இருக்கும், நடுவில் மௌனம் விழும். தூங்குகிறவருக்கு இது இன்னும் மோசம். சுற்று இசையில் கோரல் ஓரிடத்தில் நிற்பதில்லை, அந்த ஒலி உள்ள எல்லாச் சுற்றிலும் வரும். அதோடு, ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட வீடியோவில் யூடியூப் எடிட்டரில் செய்த மாற்றத்தைச் சேமிக்க முடியாமல் போகலாம். நீண்ட வீடியோவுக்கு அந்த எடிட்டரை நம்பியிருக்க வேண்டாம்.

ஏற்றிய கோப்பை அதே முகவரியில் புதிய கோப்பால் மாற்ற முடியாது. எனவே எட்டு மணி வீடியோ ஏழு மணி ஐம்பது நிமிடமாகிவிட்டால் இரண்டு வழிதான்: புதிதாக ஏற்றுவது, அல்லது தலைப்பைத் திருத்துவது. பார்வைகள் சேர்ந்த வீடியோ என்றால் தலைப்பை ‘7 மணி 50 நிமிடம்’ என்று மாற்றிவிடுங்கள். வட்ட எண் இல்லாதது பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

திருத்தும்போது எண் எழுதிய எல்லா இடத்தையும் தேடிப் போங்கள். தலைப்பு, விளக்கத்தின் முதல் வரி, அத்தியாயங்கள், தம்ப்னெயில், மேலே நிலைநிறுத்தி வைத்த கருத்து, பிளேலிஸ்ட்டின் பெயர். ஆங்கிலத்திலோ இந்தியிலோ தலைப்பை மொழிபெயர்த்துச் சேர்த்திருந்தால் அதுவும் தனியாக இருக்கிறது. தமிழ்த் தலைப்பை மாற்றினால் அது தானாக மாறாது. சென்னையில் இருப்பவர் ‘7 மணி 50 நிமிடம்’ என்று பார்க்கும் அதே வீடியோவை, ஆங்கிலத்தில் யூடியூப் வைத்திருப்பவர் இன்னமும் ‘8 Hours’ என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.